"இதே மாதிரி வேணும் தம்பி, பேரு மட்டும் நம்மது"

போஸ்டர், பேனர், சிம்போசியம் லோகோன்னு காலேஜ்ல ஏதாவது டிசைன் பண்ணிட்டு இருக்கீங்களா? அப்போ இந்த மெசேஜ் உங்களுக்கும் ஒரு நாள் வரும். ஒரு போட்டோ, அதுக்குக் கீழே ஒரு வரி: "தம்பி, இதே மாதிரி வேணும், பேரு மட்டும் நம்மது."

எனக்கு இது தேர்ட் இயர் லீவுல வந்தது. அனுப்பினவர் பசுமலையில காபித்தூள் அரைச்சு விக்கிற ஒரு அண்ணன். அவங்க அப்பா காலத்துல இருந்து மெஷின் வச்சு, கொட்டையை வறுத்து, கேட்கிற அளவுக்கு சிக்கரி கலந்து லூஸ்ல கொடுக்கிற கடை. இப்போ அவருக்கு நூறு கிராம், இருநூறு கிராம் பாக்கெட் போட்டு, பழங்காநத்தத்துல இருந்து திருநகர் வரைக்கும் பெட்டிக்கடைகளுக்கு சப்ளை பண்ணணும்னு ஆசை. லோகோவும் லேபிளும் சேர்த்து ஐயாயிரம் ரூபாய் பேசி, ஆயிரத்து ஐநூறு அட்வான்சும் கொடுத்திருந்தார். என் வயசுக்கு அது பெரிய காசு.

அவர் அனுப்பின போட்டோவுல இருந்தது வேற ஒரு கம்பெனி பாக்கெட். பேர் சொல்லலை, எங்க ஏரியா கடைகள்ல எல்லாம் தொங்கும். சிவப்பு வட்டம், சுத்தி மஞ்சள் பட்டை, நடுவுல தலையில மல்லிகைப்பூ வச்ச ஒரு அம்மா டபரா டம்ளரோட நிக்கிறாங்க. அண்ணன் போன்லயே மாத்தவேண்டியதையும் சொல்லிட்டார். "டம்ளருக்குப் பதிலா கையில காபிச்செடி கொடுத்துரலாம். சேலையை பச்சையாக்கிரு. முப்பது பெர்சன்ட் மாத்திட்டா கேஸ் போட முடியாதாம்ல?"

இந்த முப்பது பெர்சன்ட் கதையை நீங்களும் கேட்டிருப்பீங்க. சிலர் இருபதும்பாங்க, சிலர் ஏழு மாற்றம்பாங்க. அப்படி ஒரு கணக்கு நம்ம டிரேட்மார்க் சட்டத்துல எங்கேயும் கிடையாது. அதுமட்டும் இல்ல, அண்ணன் சொன்ன அதே ஐடியா, கிட்டத்தட்ட அப்படியே, 1972-ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய்த் தோத்துருக்கு.

அந்தக் கேஸ் பார்லே கம்பெனிக்கும் மைசூர்ல இருந்த ஜே.பி. அண்ட் கோங்கிற பிஸ்கட் கம்பெனிக்கும் நடந்தது. பார்லேயோட குளுக்கோ பிஸ்கட் உறையில ஒரு பண்ணை, மாடு, கோழி, நடுவுல தண்ணி வாளியோட ஒரு பொண்ணு. மைசூர்காரங்க உறையிலயும் ஒரு பண்ணை, மாடு, கோழி, ஒரு பொண்ணு. ஆனா இவங்க கையில வாளி இல்ல. தலையில புல்லுக்கட்டு, கையில அரிவாள். பேரும் வேற. கீழ் கோர்ட்டும் ஹைகோர்ட்டும் "வித்தியாசம் இருக்கே"ன்னு பார்லே வழக்கைத் தள்ளிட்டாங்க. சுப்ரீம் கோர்ட் அதை மாத்துச்சு. ரெண்டு உறையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எத்தனை வித்தியாசம்னு எண்ணக்கூடாது, ஏன்னா கடைக்கு வர்றவங்க அப்படிப் பார்க்கிறதில்ல. சைஸ் அதே, கலர் ஏறக்குறைய அதே, படத்தோட மொத்த அமைப்பும் அதே. நேத்து ஒண்ணை வாங்கினவர் இன்னைக்கு இன்னொண்ணைப் பார்த்து அதுதான்னு நினைச்சு எடுத்துருவார். அது போதும். சாதாரணமா கடைக்கு வர்றவருக்கு ஷெர்லாக் ஹோம்ஸ் கண்ணு இருக்காதுங்கிற மாதிரி ஒரு இடத்துல வருது. தீர்ப்புல ஷெர்லாக் ஹோம்ஸான்னு எனக்கே ஆச்சரியம்.

வாளிக்குப் பதில் புல்லுக்கட்டு. டம்ளருக்குப் பதில் காபிச்செடி. படிச்சதும் எனக்கு சிரிப்புதான் வந்தது.

அண்ணனை வில்லனாக்க நான் இதைச் சொல்லலை. அவர் ஏன் கேட்டார்னு பாருங்க. "கடையில ஜனங்க எழுத்தைப் படிக்கிறதே இல்ல தம்பி, அந்த சிவப்பு வட்டத்தைப் பார்த்ததும் கை தானா அங்க போகுது"ன்னார். வியாபாரமா அது ரொம்ப சரியான கவனிப்பு. பிரச்சனை என்னன்னா, கோர்ட் தப்புன்னு சொல்றதும் இதே விஷயத்தைத்தான். கை தானா போறது அந்தக் கம்பெனி வருஷக்கணக்கா சம்பாதிச்சது. அந்தக் கையை நம்ம பாக்கெட் பக்கம் திருப்புறதுக்கு சட்டத்துல 'பாஸிங் ஆஃப்'னு பேர். எதிராளி லோகோவை ரெஜிஸ்டர் பண்ணாட்டிக்கூட இந்த வழக்கு நிக்கும்.

சரி, ரெஜிஸ்டர் பண்ணியிருக்காங்களான்னு பார்க்கலாம்னு உட்கார்ந்தேன். இது யாரும் இலவசமா பார்க்கலாம். `tmrsearch.ipindia.gov.in` போய், Wordmark-னு வச்சு, பேரையும் கிளாசையும் கொடுக்கணும். பொருட்களையும் சேவைகளையும் 45 கிளாசா பிரிச்சிருக்காங்க. காபி, டீ, மசாலா எல்லாம் 30. ஹோட்டல்னா 43. எழுத்து வேறயா இருந்தாலும் ஒரே மாதிரி ஒலிக்கிற பேரைத் தேட Phonetic, படத்தை வச்சுத் தேட Vienna Code-னு தனித்தனியா இருக்கு. அந்தக் கம்பெனி பேர் போட்டதும் வந்துருச்சு. Registered. அந்த வட்டமும் அம்மாவும் சேர்த்தே பதிவாகி இருக்கு. கலருக்குன்னு தனி வரம்பு எதுவும் அதுல இல்ல. அப்படிப் பதிவு பண்ணினா எல்லாக் கலருக்கும் அது அவங்களோடதுன்னு சட்டம் எடுத்துக்கும். சேலையைப் பச்சையாக்கி ஒரு பிரயோஜனமும் இல்ல.

அப்புறம் நமக்கு, அதாவது டிசைன் பண்றவங்களுக்கு, நேரா சம்பந்தப்பட்ட இடத்துக்கு வர்றேன். டிரேட்மார்க் சட்டம் 1999, பிரிவு 29, உட்பிரிவு 7. லேபிளுக்கோ பாக்கெட்டுக்கோ விளம்பரத்துக்கோ போற ஒரு பொருள்ல இன்னொருத்தரோட பதிவான மார்க்கைப் போடுற ஆளும் மீறினவர்தான். ஆனா ஒரு நிபந்தனை இருக்கு: அனுமதி இல்லைன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கணும், இல்ல தெரிய நியாயமான காரணம் இருக்கணும். லேபிள் அடிக்கிற பிரிண்டிங் பிரஸ்காரங்க பயப்படுறது இதுக்குத்தான். டிசைனர் இதுக்குள்ள எவ்வளவு தூரம் வருவார்ங்கிறதை வக்கீல்தான் சொல்லணும், நான் வக்கீல் இல்ல. ஆனா எதிராளி பாக்கெட் போட்டோவும் "இதே மாதிரி"ங்கிற வரியும் என் வாட்ஸ்அப்ல தேதியோட இருக்கும்போது, எனக்குத் தெரியாதுன்னு நான் எப்படிச் சொல்ல?

அதனாலதான் பதிலை போன்ல சொல்லாம மெயில்ல அனுப்பினேன். இன்னொரு காரணமும் உண்டு. போன்ல "இல்லண்ணே"ன்னு ஆரம்பிச்சா அவர் குறுக்க ஏதாவது சொல்வார், நான் "சரிண்ணே பார்க்கிறேன்"னு முடிச்சிருவேன். என்னை எனக்குத் தெரியும். ஜிஎஸ்டி வேலைக்காக அவர் தினமும் மெயில் பார்ப்பார், அதனால போய்ச் சேரும்ங்கிற கவலை இல்ல.

முதல்ல இங்கிலீஷ்ல அடிச்சுப் பார்த்தேன். ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியம், லீவ் லெட்டர் தவிர தமிழ்ல ஒரு லெட்டர் எழுதினது கிடையாது. ஆனா இங்கிலீஷ்ல அது பேங்க்ல இருந்து வர்ற லோன் ரிஜெக்‌ஷன் மாதிரி இருந்தது. அழிச்சுட்டு தமிழ்ல எழுதினது இது. பேரையும் சில சொந்த விவரத்தையும் மட்டும் எடுத்துட்டுத் தர்றேன்.

"அண்ணன் அவர்களுக்கு வணக்கம்.

போட்டோ பார்த்தேன். நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குப் புரிகிறது. கடையில் ஆறடி தள்ளி நிற்பவருக்கும் நம் பாக்கெட் தனியாகத் தெரிய வேண்டும், எழுத்துப் படிக்காதவர்களும் அடையாளம் கண்டு கேட்க வேண்டும். அதை நிச்சயம் செய்து தருகிறேன்.

ஆனால் அந்த வட்டமும் அம்மா படமும் உள்ள அமைப்பில், மாற்றங்களோடு கூட, என்னால் வரைந்து தர முடியாது அண்ணே. அது காபி வகையிலேயே பதிவான லோகோ. தேடிப் பார்த்த பக்கத்தை இணைத்திருக்கிறேன். பாக்கெட் அச்சடித்துக் கடைகளுக்குப் போன பிறகு அவர்கள் தடை வாங்கினால், போன சரக்கைத் திரும்ப எடுத்து, உறையைக் கழித்து, முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். ஒருவேளை அவர்கள் கவனிக்காமலே விட்டாலும், நம் தூள் பிடித்துப்போனவர் அடுத்த முறை கடையில் 'சிவப்பு வட்டம்' என்றுதான் கேட்பார். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது அவர்கள் பாக்கெட்டாக இருக்கும்.

இதற்குப் பதிலாக மூன்று யோசனை. பென்சில் படங்கள் இணைப்பில் உள்ளன.

ஒன்று, மலை. கடை வாசலில் இருந்து பார்த்தால் தெரிகிற மலையின் வளைவு மட்டும் ஒரே கோட்டில், அதன் கீழே பிளந்த காபிக்கொட்டை. ஊர்ப் பெயரை மட்டும் வைத்தால் யாருக்கும் தனி உரிமை கிடைப்பது கஷ்டம். அதனால் உங்கள் கடைப் பெயர் கட்டாயம் கூட இருக்க வேண்டும்.

இரண்டு, உங்கள் அப்பா காலத்துப் போர்டு. அந்த பெயின்ட் எழுத்து இப்போது எந்த கம்ப்யூட்டர் எழுத்திலும் இல்லை. அதைப் போட்டோ எடுத்து, சுத்தம் செய்து, அப்படியே லோகோவாக்கலாம்.

மூன்று, சுங்குடிப் புள்ளிகளால் ஆன டம்ளர். டம்ளர் பொதுவான பொருள், யார் வேண்டுமானாலும் வரையலாம். 'மதுரை சுங்குடி' என்ற பெயரை மட்டும் பாக்கெட்டில் போட வேண்டாம், அது சேலைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய பெயர்.

மூன்றில் எதுவானாலும் பேசிய தொகைதான். முதல் மாதிரி ஐந்து நாளில் வரும். மூன்றுமே பிடிக்கவில்லை என்றால் அட்வான்ஸை முழுதாகத் திருப்பித் தருகிறேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. அப்பா போர்டை நாளை வந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாமா?

அன்புடன்,"

இதுல நான் ரொம்ப யோசிச்சது ரெண்டு இடம். முதல் பத்தியில லோகோவைப் பத்தியே பேச்சில்ல. அவர் கேட்டது லோகோ, அவருக்குத் தேவை ஆறடி தூரத்துல தெரியுறது. அதை முதல்ல ஒத்துக்கிட்டா, அடுத்து வர்ற 'முடியாது' அவரை நோக்கி வராம அந்தப் படத்தை நோக்கிப் போகுது. ரெண்டாவது, அந்த 'முடியாது' ஒரே வரி. "யோசிக்கிறேன்", "கொஞ்சம் கஷ்டம்"னு எழுதியிருந்தா அதை அவர் பேரம்னு எடுத்துக்குவார், அடுத்து "நாப்பது பெர்சன்ட் மாத்திக்கலாம்"னு வரும். "மாற்றங்களோடு கூட"ங்கிற ரெண்டு வார்த்தை அந்தக் கதவை மூடத்தான். 'காப்பி', 'திருட்டு', 'குற்றம்' எல்லாம் வேணும்னே விட்டேன். இந்தச் சட்டத்துல பொய் மார்க் போடுறதுக்கு ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டுன்னும் எனக்குத் தெரியும், அதையும் எழுதலை. தெரிஞ்ச மனுஷனுக்கு எழுதுற மெயில்ல ஜெயில் வந்தா அதுக்கு மேல ஒரு வரியும் படிக்கமாட்டார். உறையும் சரக்கும் வீணாகும்ங்கிறதுதான் அவர் தினமும் போடுற கணக்கு.

கடைசியில ஒரு சின்னக் கேள்வி இருக்கு பாருங்க, போர்டு போட்டோ எடுக்கலாமான்னு. அதுக்கு "சரி வா"ன்னு சொல்றது ஈசி.

ரெண்டு நாள் பதிலே இல்ல. அந்த ரெண்டு நாளும் ஆயிரத்து ஐநூறை செலவு பண்ணாம வச்சிருந்தேன். மூணாவது நாள் போன்.

"மெயில் பார்த்தேன் தம்பி. அந்த மலை நல்லாருக்கு. ஆனா பச்சையில போட்டா ஜனங்க டீத்தூள்னு நினைப்பாங்க."

லோகோ விஷயம் அவ்வளவுதான், அதுக்கு மேல அவர் அதைப் பத்திப் பேசவே இல்ல. நான் தயார் பண்ணி வச்சிருந்த பார்லே கேஸ் எதையும் எடுக்க வேண்டி வரலை. பச்சை டீத்தூளாத் தெரியும்ங்கிறதும் நூத்துக்கு நூறு உண்மை, எனக்கு அது தோணவே இல்ல. கடையில நிக்கிறவருக்குத்தான் தெரியும்.

போர்டு எழுத்தையும் மலைக்கோட்டையும் சேர்த்து, அடர் பிரவுன்ல வெள்ளை எழுத்து, மலைக்கு மட்டும் மெலிசா ஒரு பச்சைக் கோடுன்னு முடிவாச்சு. போர்டை டிரேஸ் பண்றது நினைச்சதைவிட வேலை வாங்குச்சு. பெயின்டர் பிரஷ்ஷைத் திருப்புற இடத்துல எல்லாம் எழுத்து தடிச்சு மெலியும், அதுதான் அதோட அழகு. ஆனா நூறு கிராம் பாக்கெட் அளவுக்குச் சுருக்கினா 'ணை', 'கூ' மாதிரி எழுத்துகளோட சுழி உள்ளே அடைச்சுக்கிட்டு வெறும் பொட்டா தெரியும். அதனால சுழிகளை மட்டும் கொஞ்சம் திறந்து வரைஞ்சேன். லேபிள்ல மத்த எழுத்துக்கு Mukta Malar எடுத்துக்கிட்டேன். அது ஓப்பன் லைசென்ஸ் ஃபான்ட், வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாம். எங்கேயோ டவுன்லோட் பண்ணின ஃபான்ட்ல லேபிள் அடிச்சிட்டு, இந்தப் பக்கம் எதிராளி லோகோவுக்கு நியாயம் பேசினா நல்லாவா இருக்கும்? முன்பக்கத்துல காபி எவ்வளவு, சிக்கரி எவ்வளவுன்னு பெர்சன்ட் போடவும் இடம் விடணும். காபித்தூள்ல சிக்கரி கலந்தா அதைச் சொல்லியாகணும்னு உணவு விதி இருக்கு. டிசைன் அழகா வந்தப்புறம் இதை எங்க நுழைக்கிறதுன்னு தேடாம முதல்லயே இடத்தை ஒதுக்கிருங்க.

முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணினோம். பார்லே தீர்ப்புல இருந்தே எடுத்த ஐடியா. லேபிளை கலர் பிரிண்ட் எடுத்து சாதா பவுச்ல ஒட்டி, திருநகர்ல ஒரு கடையில அந்த சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்துலயே தொங்கவிட்டு, ஆறடி தள்ளி நின்னு ஒரு போட்டோ. ஹாஸ்டல்ல பசங்களுக்கு அதை மூணு செகண்ட் மட்டும் காட்டினேன். மறுநாள் காலையில மெஸ்ல "நேத்து என்ன பாக்கெட் பார்த்தே?"ன்னு கேட்டேன். சிவப்பு வட்டம் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது, அது ஏற்கனவே தெரிஞ்சதாச்சே. "பிரவுன் கலர்ல பழைய சினிமா போஸ்டர் எழுத்து மாதிரி ஒண்ணு"ன்னும் பாதிப் பேருக்கு மேல சொன்னாங்க. ரெண்டையும் ஒரே கம்பெனின்னு யாரும் சொல்லலை. எனக்கு வேண்டியது அந்தக் கடைசிப் பதில்தான். பக்கத்துல வச்சு வித்தியாசம் எண்ணினா எந்த டிசைனும் பாஸ் ஆகிரும். ஒரு நாள் விட்டு, ஞாபகத்துல கேட்டாத்தான் உண்மை தெரியும். மறக்காம பண்ணிப் பாருங்க, செலவு ஒரு கலர் பிரிண்ட்தான்.

நேரா பிரிண்டட் பவுச்சுக்குப் போகவேண்டாம்னும் சொன்னேன். அதுல ஒவ்வொரு கலருக்கும் தனியா ஒரு சிலிண்டர் செய்யணும், அப்புறம் ஒரு வரி மாத்தணும்னாலும் அந்த சிலிண்டர் வீண். முதல்ல ஆயிரம் ஸ்டிக்கர் அடிச்சு, சாதா பவுச்ல ஒட்டி ஆரம்பிச்சார். லோகோவையும் அவர் பேர்லயே ரெஜிஸ்டருக்குப் போட்டாச்சு. தனிநபருக்கு ஆன்லைன்ல ஒரு கிளாசுக்கு 4,500 ரூபாய். கலர் இல்லாம கறுப்பு வெள்ளையிலதான் போட்டோம், காரணம் மேலயே சொல்லிட்டேன். பதிவாகுற வரைக்கும் பாக்கெட்ல TM போடலாம், ® போடக்கூடாது. பதிவாகாம அதைப் போடுறதுக்கே சட்டத்துல தனியா அபராதம் இருக்கு. அண்ணனுக்கு அந்த வட்டத்துக்குள்ள R மேல ஒரு கண்ணு, "சின்னதா போட்டா யாருக்குத் தெரியப்போகுது"ன்னு ரெண்டு தடவை கேட்டுட்டார். அதுக்கு மெயில் எல்லாம் எழுதலை, "அண்ணே"ன்னு ஒரு இழுவை இழுத்தேன், சிரிச்சுட்டு விட்டுட்டார்.

போன வாரம் அப்ளிகேஷன் நம்பர் போட்டுப் பார்த்தேன். Marked for Exam-னு காட்டுது. அதை அவங்க பார்த்து, ஆட்சேபணை இல்லைன்னா ஜர்னல்ல வெளியிடுவாங்க. அதுக்கப்புறம் நாலு மாசம், யார் வேணும்னாலும் இது எங்களோடது மாதிரி இருக்குன்னு எதிர்ப்பு கொடுக்கலாம். அந்த சிவப்பு வட்டக்காரங்களும்கூட. அண்ணன் இப்போ ரெண்டாவது ஆயிரம் ஸ்டிக்கர் அடிக்கக் கொடுத்திருக்கார், பாக்கி மூவாயிரத்து ஐநூறும் வந்துருச்சு.